மார்ச் 31 எந்தக் காலாண்டு? ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டும் ஒரு தப்பான 90-ம்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வாயால் சொன்ன ஃபார்முலாக்களை இங்கே டைப் பண்ணக்கூடிய மாதிரி கொடுத்திருக்கோம். எல்லாத்துலயும் தேதி A2 செல்லில் இருக்குன்னு வச்சுக்கோங்க.)

இன்னைக்கு ஒரே ஒரு தேதியில இருந்து ஆரம்பிக்கிறேன். 2024, மார்ச் 31. ஞாயிற்றுக்கிழமை.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில விற்பனை டீமுக்குக் காலாண்டுக்கு ஒரு தடவை இன்சென்டிவ் கணக்குப் போடுவாங்க. டீம்ல ஒரு அக்காவுக்கு ஜனவரி-மார்ச் டார்கெட் 12 லட்சம். மார்ச் 31 ராத்திரி ஆன்லைன்ல 1,40,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் வந்து, அவங்க கணக்கு 12,25,000 ஆயிடுச்சு. டார்கெட் தாண்டியாச்சு. ஆனா ஏப்ரல்ல வந்த ரிப்போர்ட்ல அவங்க பேருக்கு நேரா 10,85,000-னு இருந்துச்சு. இன்சென்டிவ் கிடையாது.

ஆர்டர் எங்கேயும் தொலைஞ்சு போகல. ஷீட்லதான் இருந்துச்சு. தேதியும் சரியாத்தான் இருந்துச்சு. பக்கத்து காலம்ல மட்டும் 2024-25, க்யூ1-னு விழுந்திருந்தது. அதாவது முந்தின நாள் வரைக்கும் ஒரு வருஷம், இந்த ஒரு ஆர்டர் மட்டும் அடுத்த வருஷம்.

இதுல இன்னும் வேடிக்கை, அந்த ஃபார்முலா 2022-ல இருந்தே ஓடிக்கிட்டு இருந்தது. 2023 மார்ச் 31-க்கு அது சரியான விடையைத்தான் கொடுத்திருக்கு. அதனால முதல்ல யாருமே நம்பல. "போன வருஷம் சரியா வந்த ஃபார்முலா இந்த வருஷம் எப்படிப்பா தப்பாகும்?"னு அக்கவுன்ட்ஸ்ல இருந்த அண்ணன் கேட்டாரு. நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் சொல்றதுக்குத்தான் இந்த எபிசோட்.

ரெண்டு கேள்வி, ஒரு தேதி

இந்தியாவில நிதியாண்டு ஏப்ரல் 1-ல தொடங்கி மார்ச் 31-ல முடியுது. 1867-ல இருந்து இந்தப் பழக்கம்தான். ஜனவரிக்கு மாத்தலாம்னு 1984-ல எல்.கே. ஜா தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க, மாறல. அதனால ஏப்ரல், மே, ஜூன் முதல் காலாண்டு. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ரெண்டாவது. அக்டோபர்ல இருந்து டிசம்பர் மூணாவது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் நாலாவது.

இது எல்லாருக்கும் தெரியும். விரல்விட்டு எண்ணினா யாருக்கும் தப்பு வராது. ஆனா கம்ப்யூட்டருக்கு ஆண்டுன்னா ஜனவரியில தொடங்குறதுதான். அது கொடுக்கிற மாசம், வருஷம் எல்லாம் அந்தக் காலண்டர்ல இருந்து வர்றது. ஷீட்ல பலபேர் முதல்ல எழுதுற ஃபார்முலா இதுதான்:

```
=ROUNDUP(MONTH(A2)/3,0)
```

மாச எண்ணை மூணால வகுத்து மேல முழுமையாக்குறது. பிப்ரவரிக்கு 1, மே மாசத்துக்கு 2 வரும். காலண்டர் காலாண்டுக்கு இது சரி. நமக்கு வேண்டியது பிப்ரவரிக்கு 4, மே மாசத்துக்கு 1.

"அப்போ வர்ற எண்ல இருந்து ஒண்ணைக் கழிச்சிட்டா போச்சு"ன்னு தோணும். மே, ஆகஸ்ட், நவம்பருக்கு அது வேலை செய்யும். ஜனவரி-மார்ச்சுக்கு மட்டும் 0 வரும். சரி, 0 வந்தா 4-னு மாத்திக்கிறோம். காலாண்டு தீர்ந்துச்சு. ஆனா வருஷம்?

இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க. ஒரு தேதியை நிதியாண்டுக்குள்ள வைக்கும்போது நாம ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்றோம். எந்தக் காலாண்டு, எந்த நிதியாண்டு. காலாண்டுக்கு ஒரு ஃபார்முலா, வருஷத்துக்கு சும்மா `YEAR(A2)`-னு எழுதிட்டா, 2025 பிப்ரவரி 10 "2025, க்யூ4" ஆயிடும். 2025 நவம்பர் 10 "2025, க்யூ3" ஆயிடும். ரெண்டும் ஒரே வருஷம் மாதிரித் தெரியுது. ஆனா முதல் தேதி 2024-25 நிதியாண்டு, ரெண்டாவது 2025-26. பிவட் டேபிள் போட்டுப் பார்த்தீங்கன்னா "2025"-ங்கிற ஒரே வரிசையில போன வருஷத்து கடைசிக் காலாண்டும் இந்த வருஷத்து முதல் மூணு காலாண்டும் கலந்து உட்கார்ந்திருக்கும். மொத்தம் பார்க்க நம்புற மாதிரியே இருக்கும், நாலு காலாண்டும் இருக்குல்ல! அதனாலயே இந்தத் தப்பு சீக்கிரம் கண்ணுல படாது.

தேதியை மூணு மாசம் பின்னாடி தள்ளுங்க

ரெண்டு கேள்வியையும் ஒரே அடியில முடிக்கிற வழி ஒண்ணு இருக்கு. காலாண்டு எண்ணை மாத்தாதீங்க, தேதியையே மூணு மாசம் பின்னாடி தள்ளுங்க. ஏப்ரல் 1-ஐ மூணு மாசம் தள்ளினா ஜனவரி 1. மார்ச் 31-ஐத் தள்ளினா போன வருஷம் டிசம்பர் 31. அதாவது நிதியாண்டு முழுசா நகர்ந்து காலண்டர் ஆண்டு மேல கச்சிதமா பொருந்திடுது. அதுக்கப்புறம் சாதாரண ஃபார்முலாவே போதும்.

ஷீட்ல இதுக்குன்னே ஒரு ஃபங்ஷன் இருக்கு, `EDATE`.

```
காலாண்டு:        =ROUNDUP(MONTH(EDATE(A2,-3))/3,0)
ஆண்டின் தொடக்கம்:  =YEAR(EDATE(A2,-3))
```

அந்த அக்காவோட ஆர்டரை இதுல போட்டுப் பார்ப்போம். 2024 மார்ச் 31-ஐ மூணு மாசம் பின்னாடி தள்ளினா 2023 டிசம்பர் 31. மாசம் 12. மூணால வகுத்தா 4. வருஷம் 2023. ஆக 2023-ல தொடங்கின நிதியாண்டோட நாலாவது காலாண்டு. சரி.

ஒரு சந்தேகம் வரும். மே 31-ஐ மூணு மாசம் தள்ளினா பிப்ரவரி 31-க்குத்தானே போகணும், அப்படி ஒரு நாளே இல்லையே? `EDATE` அந்த இடத்துல பிப்ரவரியோட கடைசி நாளைக் கொடுத்துடும், 28 இல்லன்னா 29. மாசம் பிப்ரவரியாவே நிக்கிறதால காலாண்டு மாறாது. நமக்கு நாள் எண் தேவையே இல்லை, மாசமும் வருஷமும் மட்டும்தான் வேணும்.

அந்த 90 என்ன பண்ணுச்சு

எங்க ஷீட்ல இருந்தது `EDATE` இல்ல. எழுதினவர் "மூணு மாசம்னா 90 நாள்"னு நினைச்சு `A2-90`-னு போட்டிருந்தார். எக்செல்லுக்கு தேதின்னா ஒரு எண்தான், அதனால தேதியில இருந்து 90-ஐ நேரடியாக் கழிக்கலாம். தப்பு எதுவும் காட்டாது.

ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31 கூட்டினா சரியா 90. அதனால சாதாரண வருஷத்துல மார்ச் 31-ல இருந்து 90 நாள் கழிச்சா டிசம்பர் 31 வருது. ஏப்ரல் 1-ல இருந்து கழிச்சா ஜனவரி 1 வருது. 2023-ல ஃபார்முலா சரியா வந்ததுக்கு இதான் காரணம். 2024 லீப் வருஷம். பிப்ரவரிக்கு 29 நாள், மூணு மாசத்துக்கு 91. மார்ச் 31-ல இருந்து 90 நாள் பின்னாடி போனா வந்து நிக்கிற இடம் 2024 ஜனவரி 1. மாசம் 1, வருஷம் 2024. "2024-25, க்யூ1." அக்காவோட ஆர்டர் அடுத்த வருஷத்துக்குப் போன கதை இதுதான்.

அண்ணனுக்கு இதை விளக்கினதும் அவர் "அப்போ நாலு வருஷத்துக்கு ஒரு நாள்தானே தப்பு"ன்னு சமாதானமானாரு. இல்லை. மத்த காலாண்டு முடிவுகளைப் பாருங்க. ஏப்ரல், மே, ஜூன் சேர்ந்து 91 நாள். ஜூலை-செப்டம்பர் 92. அக்டோபர்-டிசம்பர் 92. அதனால ஜூன் 30-ல இருந்து 90 நாள் கழிச்சா ஏப்ரல் 1-ல வந்து நிக்குது, க்யூ2-ன்னு ஆயிடுது. செப்டம்பர் 29, 30 ரெண்டும் ஜூலைக்குள்ள விழுது, க்யூ3 ஆயிடுது. டிசம்பர் 30, 31 ரெண்டும் அக்டோபருக்குள்ள விழுது, க்யூ4 ஆயிடுது. லீப் வருஷமோ இல்லையோ, வருஷத்துக்கு இந்த அஞ்சு நாள் தப்பு. லீப் வருஷம்னா கூட மார்ச் 31.

365-ல அஞ்சு நாள்தானேன்னு விட முடியாது. விற்பனையில இருக்கிறவங்களைக் கேளுங்க, காலாண்டோட கடைசி ரெண்டு நாள்லதான் பாதி ஆர்டரை முடிப்பாங்க. தப்பு சரியா அந்த நாள்கள்ல உட்கார்ந்திருந்தது. நாங்க திரும்பிப் பார்த்தப்போ 2022, 2023 ரெண்டு வருஷத்துலயும் ஜூன் 30, செப்டம்பர் 30 ஆர்டர்கள் ஒரு காலாண்டு தள்ளி விழுந்திருந்தது. யாரும் கவனிக்காததுக்குக் காரணம், அதே வருஷத்துக்குள்ளயே நகர்ந்ததால ஆண்டு மொத்தம் மாறல. மார்ச் 31-ல மட்டும்தான் வருஷ எல்லையைத் தாண்டிப் போச்சு, அதான் மாட்டுச்சு.

இதனால நான் இப்போ எந்த ஃபார்முலாவையும் நடு மாசத்துத் தேதியை வச்சு சோதிக்கிறது இல்லை. ஆகஸ்ட் 15-க்கு எல்லா ஃபார்முலாவும் சரியாத்தான் வரும். ஒரு தனி ஷீட்ல எட்டு தேதி வச்சிருக்கேன்: ஒவ்வொரு காலாண்டோட முதல் நாள், கடைசி நாள். ஏப்ரல் 1, ஜூன் 30, ஜூலை 1, செப்டம்பர் 30, அக்டோபர் 1, டிசம்பர் 31, ஜனவரி 1, மார்ச் 31. இதை ஒரு தடவை சாதாரண வருஷத்துக்கும் ஒரு தடவை 2023-24-க்கும் ஓட்டுவேன். விடை 1,1,2,2,3,3,4,4-ன்னு வரலைன்னா ஃபார்முலா குப்பைக்கு.

ஃபார்முலாவைப் பார்த்தாலே புரியணும்னு நினைக்கிறவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு:

```
=CHOOSE(MONTH(A2),4,4,4,1,1,1,2,2,2,3,3,3)
```

ஜனவரியில இருந்து வரிசையா பன்னிரண்டு மாசத்துக்கும் விடையை எழுதி வச்சாச்சு. புதுசா டீம்ல சேர்ந்த பையன் கூட பார்த்ததும் புரிஞ்சுக்குவான். ஆனா இது காலாண்டு மட்டும்தான் சொல்லும், வருஷத்துக்கு மறுபடியும் `EDATE`-தான். இன்னொரு தொல்லை, தேதியே இல்லாத காலி செல்லுக்கும் இது விடை கொடுக்கும். எக்செல் காலி செல்லோட மாசத்தை 1-ன்னு எடுத்துக்கும், அதனால க்யூ4. கூகுள் ஷீட்ஸ் 12-ன்னு எடுத்துக்கும், அதனால க்யூ3. பில் தேதி நிரப்பாத வரிசை எல்லாம் சத்தமில்லாம ஏதோ ஒரு காலாண்டுல சேர்ந்துடும். `EDATE` வழியில எக்செல் `#NUM!`-னு கத்திடும், எனக்கு அந்தக் கத்தல் பிடிச்சிருக்கு. கூகுள் ஷீட்ஸ்ல அதுவும் கிடையாது, 1899-ஆம் வருஷத்து க்யூ3-ன்னு வரும். ரிப்போர்ட்ல 1899 தெரிஞ்சா பயப்படாதீங்க, எங்கயோ தேதி விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

வருஷத்துக்கு என்ன பேர் வைக்கிறது

காலாண்டு வந்தாச்சு, தொடங்குற வருஷமும் வந்தாச்சு. இதை ரிப்போர்ட்ல எப்படி எழுதுறீங்கங்கிறதுல அடுத்த சண்டை.

நம்ம அரசாங்கம், வருமான வரி எல்லாம் 2024-25-ன்னு ரெண்டு வருஷத்தையும் எழுதுது. கம்பெனி ரிசல்ட்ஸ் பார்த்தீங்கன்னா `FY25`-னு இருக்கும், அது முடியுற வருஷம், அதாவது 2025 மார்ச்ல முடியுறது. நம்ம `EDATE` ஃபார்முலா கொடுக்கிறது தொடங்குற வருஷம், 2024. மூணும் ஒரே ஆண்டு. ஒரே ஆபீஸ்ல ஒருத்தர் 2024-ன்னும் இன்னொருத்தர் 25-ன்னும் எழுதி, ரெண்டு ஷீட்டையும் சேர்க்கும்போது ஒரு முழு வருஷம் நகர்ந்து போறதை நான் பார்த்திருக்கேன்.

பைத்தான் பாண்டாஸ் பயன்படுத்துறவங்க இதைக் கவனிங்க. அதுல மார்ச்ல முடியுற ஆண்டுக்கு நேரடியா ஒரு வசதி இருக்கு:

```
df["q"] = df["date"].dt.to_period("Q-MAR")
```

2025 பிப்ரவரி 10-க்கு இது `2025Q4`-ன்னு கொடுக்கும். 2024 ஏப்ரல் 10-க்கு `2025Q1`. ஆமா, 2024-ல நடந்த விஷயத்துக்கு 2025. தப்பில்லை, அது முடியுற வருஷத்தைப் பேரா வச்சுக்குது. ஆனா எக்செல்ல இருந்து வர்ற 2024 கூட இதை நேரடியா இணைச்சா ஒண்ணும் பொருந்தாது.

என் கருத்து என்னன்னா, ரெண்டு வருஷத்தையும் எழுதிடுங்க. கொஞ்சம் நீளம்தான், ஆனா குழப்பத்துக்கு இடமே இல்லை:

```
=YEAR(EDATE(A2,-3))&"-"&TEXT(MOD(YEAR(EDATE(A2,-3))+1,100),"00")&" Q"&ROUNDUP(MONTH(EDATE(A2,-3))/3,0)
```

அக்காவோட ஆர்டருக்கு இது `2023-24 Q4`-ன்னு கொடுக்கும். வருஷம் முன்னாடி, காலாண்டு பின்னாடி வர்றதால அகர வரிசையில அடுக்கினாலும் கால வரிசையாவே நிக்கும். `Q4 2023-24`-ன்னு திருப்பி எழுதினீங்கன்னா எல்லா வருஷத்து க்யூ1-ம் ஒண்ணா சேர்ந்து, கிராஃப் கோணல்மாணலா வரும்.

வருமான வரியில இதுக்கு மேல ஒரு பேர்க் குழப்பம் ரொம்ப வருஷமா இருந்தது. 2024-25-ல சம்பாதிச்சதுக்கு வரி கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டு 2025-26-ன்னு தேர்ந்தெடுக்கணும். செலான்ல நிதியாண்டைப் போட்டு, கட்டின பணம் போன வருஷத்துக்குப் போயிடுச்சேன்னு புலம்பினவங்க ஏராளம். 2026 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறைக்கு வர்ற புது வருமான வரிச் சட்டத்துல இந்த ரெட்டைப் பேரை எடுத்துட்டு "வரி ஆண்டு"ன்னு ஒரே பேரா வச்சிருக்காங்க. பழைய வருஷத்துக் கணக்குக்கு மட்டும் பழைய பேர்களையே பயன்படுத்தணும்.

தேதி உண்மையிலேயே தேதியா?

ஃபார்முலா எல்லாம் சரியா இருந்தும் விடை தப்பா வரும் இன்னொரு இடம் இருக்கு. வெளிநாட்டு தளத்துல இருந்து டவுன்லோட் பண்ற ஃபைல்.

`04/03/2025`-ன்னு இருக்கு. நமக்கு இது மார்ச் 4. அமெரிக்க அமைப்புல இருக்கிற கம்ப்யூட்டருக்கு ஏப்ரல் 3. சில தேதிகள்ல இந்தத் தடுமாற்றம் வந்தா சில மாசம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இந்தத் தேதியில 2024-25-ஓட கடைசிக் காலாண்டு, 2025-26-ஓட முதல் காலாண்டா மாறிடுது. ஒரு முழு வரி வருஷம் தாண்டிடுது.

இதைக் கண்டுபிடிக்கிறது சுலபம். தேதி 12-க்கு மேல இருந்தா, உதாரணமா `25/03/2025`, 25-ஆவது மாசம் கிடையாதேன்னு ஷீட் அதை வெறும் எழுத்தா விட்டுடும். எழுத்து செல்லோட இடது பக்கம் ஒட்டி நிக்கும், உண்மையான தேதி வலது பக்கம் நிக்கும். ஒரே காலம்ல பாதி இடது, பாதி வலதுன்னு தெரிஞ்சா நிறுத்துங்க. இடது பக்கம் இருக்கிறதை விட வலது பக்கம் நல்ல பிள்ளையா உட்கார்ந்திருக்கிறதுதான் ஆபத்து, அதுல மாசமும் நாளும் இடம் மாறியிருக்கும். ஃபைலைத் திரும்ப இறக்கி, இம்போர்ட் பண்ணும்போதே நாள்-மாசம்-வருஷம்னு சொல்லிக் கொடுங்க.

நேர வித்தியாசமும் உண்டு. வெளிநாட்டு பேமென்ட் தளங்கள் பல நேரம் யுடிசி நேரத்துல எழுதும், அது நம்மளைவிட அஞ்சரை மணி நேரம் பின்னாடி. ஏப்ரல் 1 விடியக்காலை 3:15-க்கு வந்த பணம் அங்கே மார்ச் 31, இரவு 9:45. முதல்ல அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டிட்டு அப்புறம் காலாண்டு பாருங்க:

```
=A2+TIME(5,30,0)
```

எந்தத் தேதி?

இதுவரைக்கும் ஒரு வரிசைக்கு ஒரு தேதின்னு பேசினேன். ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு ஒரே வேலைக்கு ரெண்டு தேதி இருக்கும்.

ஒரு டிசைனர் 2025 மார்ச் 28-ல 60,000 ரூபாய்க்கு பில் அனுப்புறாங்க. கிளையன்ட் அன்னைக்கே அதைத் தன் புத்தகத்துல வரவு வச்சு, 10 சதவீதம் டிடிஎஸ், 6,000 ரூபாய் பிடிச்சிடுறாரு. டிடிஎஸ்ஸை பணம் கொடுக்கும் நாள், கணக்குல வரவு வைக்கும் நாள், இதுல எது முந்துதோ அப்போ பிடிக்கணும்ங்கிறதுதான் விதி. அதனால அவரோட 2024-25 நாலாம் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன்ல இது போகுது. மீதி 54,000 டிசைனர் அக்கவுன்டுக்கு வந்தது ஏப்ரல் 9.

டிசைனர் பணம் கைக்கு வந்தா தான் வருமானம்னு கணக்கு வைக்கிறவங்கன்னா, அவங்களுக்கு இது 2025-26, க்யூ1. ஆனா வரித்துறையோட 26ஏஎஸ்ல 60,000-ம் 6,000-மும் 2024-25-ல தெரியும். யார் ஃபார்முலாவும் தப்பில்லை, ரெண்டு பேரும் வேற வேற தேதியில ஃபார்முலாவை ஓட்டியிருக்காங்க. இந்த மாதிரி நேரத்துல ரிட்டர்ன்ல டிடிஎஸ் பகுதியில அந்த 6,000-ஐ அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோறதா காட்ட இடம் இருக்கு. வருமானத்தை அடுத்த வருஷம் காட்டிட்டு, டிடிஎஸ்ஸை மட்டும் இந்த வருஷமே எடுத்துக்கிட்டா, நோட்டீஸ் வர்றதுக்கு நாமளே வழி பண்ணிக்கிறோம்.

ஷீட்ல பில் தேதிக்கு ஒரு காலம், பணம் வந்த தேதிக்கு ஒரு காலம், ரெண்டுக்கும் தனித்தனியா காலாண்டு காலம் வச்சுக்கோங்க. ரெண்டும் ஒத்துப்போகாத வரிசைகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தா, ஜூலையில ஆடிட்டர்கிட்ட பேச வேண்டிய பட்டியல் அதுதான்.

காலாண்டு மாதிரி இருக்கும், ஆனா இல்ல

கடைசியா, ஷேர் வச்சிருக்கிறவங்களுக்கு. வருமான வரி ரிட்டர்ன் படிவத்துல டிவிடெண்ட், மூலதன ஆதாயம் எப்போ வந்ததுன்னு பிரிச்சுக் கேட்பாங்க. அங்க இருக்கிற கட்டங்களைப் பார்த்து "ஓ, காலாண்டு"ன்னு நினைச்சு க்யூ1, க்யூ2 மொத்தங்களை அப்படியே போட்டுடுவாங்க. எண்ணிப் பாருங்க, அஞ்சு கட்டம் இருக்கும்.

முன்கூட்டி வரி கட்ட வேண்டிய தேதிகள் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. அந்தத் தேதிக்கு முன்னாடி வந்த வருமானமா, பின்னாடி வந்ததான்னு பார்த்துத்தான் தாமத வட்டி போடுவாங்க. அதனால கட்டங்களும் அந்தத் தேதிகள்ல வெட்டியிருக்கு: ஏப்ரல் 1-ல இருந்து ஜூன் 15, ஜூன் 16-ல இருந்து செப்டம்பர் 15, செப்டம்பர் 16-ல இருந்து டிசம்பர் 15, டிசம்பர் 16-ல இருந்து மார்ச் 15, அப்புறம் மார்ச் 16-ல இருந்து 31 வரைக்கும் ஒரு குட்டிக் கட்டம். ஜூன் 20-ல வந்த டிவிடெண்ட் நம்ம காலாண்டுல க்யூ1, படிவத்துல ரெண்டாவது கட்டம். மார்ச் 20-ல வந்தது க்யூ4, படிவத்துல அஞ்சாவது.

மூணு மாசம் தள்ளுற வித்தை இங்க உதவாது. அஞ்சு தொடக்கத் தேதியை H2-ல இருந்து H6 வரைக்கும் எழுதி வச்சுக்கோங்க. 2024-25-க்குன்னா 2024 ஏப்ரல் 1, ஜூன் 16, செப்டம்பர் 16, டிசம்பர் 16, 2025 மார்ச் 16. அப்புறம்:

```
=MATCH(A2,$H$2:$H$6,1)
```

அந்தத் தேதிக்கு முன்னாடி தொடங்கின கடைசிக் கட்டம் எதுவோ அதோட எண் வரும். 2024 ஜூன் 20-க்கு 2, 2025 மார்ச் 20-க்கு 5. ஒரே ஒரு ஜாக்கிரதை: 2025 ஏப்ரல் மாசத்துத் தேதி தெரியாம உள்ள வந்தாலும் இது 5-ன்னுதான் சொல்லும், வருஷம் முடிஞ்சது அதுக்குத் தெரியாது. ஏப்ரல் 1, 2024-க்கு முன்னாடி இருக்கிற தேதின்னா `#N/A`-ன்னு வரும். அதனால முதல்ல நிதியாண்டு காலத்துல 2024-25-ஐ மட்டும் வடிகட்டிட்டு, அப்புறம் இதை ஓட்டுங்க.

அந்த அக்காவோட விஷயம் என்னாச்சுன்னு நிறைய பேர் கேட்பீங்க. `A2-90`-ஐ எடுத்துட்டு `EDATE` போட்டு, 2022-ல இருந்து எல்லா காலாண்டையும் திரும்ப ஓட்டினோம். அவங்களுக்கு 12,25,000 வந்துச்சு, மே மாச சம்பளத்தோட இன்சென்டிவும் வந்துச்சு. பழைய ஜூன் 30, செப்டம்பர் 30 ஆர்டர்கள்ல இன்னும் ரெண்டு பேருக்குப் பாக்கி இருந்தது தெரிஞ்சது. அதுல ஒருத்தர் அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே வேலையை விட்டுப் போயிருந்தார். அண்ணன்தான் அவருக்கு போன் பண்ணி பேங்க் விவரம் வாங்கினாரு.